பயிர்க்கடன் சேங்ஷன் தாளில் நான்கு வரிகள்

"ரெண்டே முக்கா லட்சம் சேங்ஷன் ஆயிருக்குன்னு தாள்ல போட்டிருக்கு. ஆனா அவ்வளவும் எடுக்க முடியாதுங்குறாங்க. நீயே படிச்சுப் பாருப்பா" என்று சொல்லி, மடித்து வைத்திருந்த தாளை அத்தை என் கையில் கொடுத்தார். ஒரத்தநாடு பக்கம் அவருக்குப் பன்னிரண்டு மா நிலம். மூன்று மா ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு, ஆக நான்கு ஏக்கர். பட்டா அவர் பெயரில்தான். மாமா காலமான பிறகு வரவு செலவு முழுவதையும் அவரேதான் பார்க்கிறார். சம்பா நெல்லுக்காக ஒரு வங்கியில் உழவர் கடன் அட்டை, அதாவது கேசிசி, போட்டிருந்தார்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்துச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். பயிர்க்கடன் வாங்கும் ஒவ்வொருவரும் பார்த்தே ஆக வேண்டியவை அதில் நான்குதான்: வரம்பு எவ்வளவு, வட்டிச் சலுகைக்கு என்ன நிபந்தனை, கெடு தேதி எது, இன்சூரன்சுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள். இந்த நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டால் அடுத்ததிலும் காசு போய்விடும்.

எந்த வரம்பு உங்கள் வரம்பு?

அத்தையின் தாளில் இரண்டு தொகைகள் இருந்தன. மேலே 2,77,242 ரூபாய். கீழே, சின்ன எழுத்தில், 1,89,360 ரூபாய். இரண்டும் சரியான தொகைகள்தான். ஆனால் அந்த ஆண்டு எடுக்கக்கூடியது இரண்டாவது தொகை மட்டுமே.

கணக்கு இப்படித்தான் போகிறது. ஒரு ஏக்கர் சம்பா நெல்லுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் முடிவு செய்யும். ஸ்கேல் ஆஃப் பைனான்ஸ் என்று வங்கியில் சொல்வது இதைத்தான். மாவட்டத்துக்கு மாவட்டம், பயிருக்குப் பயிர், ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். அத்தையின் தாளில் ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று கணக்கிட்டிருந்தார்கள். நான்கு ஏக்கருக்கு 1,44,000. இதோடு அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 10 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது 14,400. பம்புசெட், தளவாடம் போன்றவற்றின் பராமரிப்புக்கு இன்னொரு 20 சதவீதம், 28,800. பயிர் இன்சூரன்ஸ் பிரீமியம் 2,160. எல்லாம் கூட்டினால் 1,89,360. இதுதான் முதல் ஆண்டு வரம்பு.

அட்டை ஐந்து ஆண்டுக்குச் செல்லும். சாகுபடிச் செலவு ஏறும் என்பதால் இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வரம்பு 10 சதவீதம் கூடும். அப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் ஆண்டில் 2,77,242 வரும். தாளின் மேலே இருந்தது அந்த ஐந்தாம் ஆண்டுத் தொகை. "அப்போ இப்ப ஒன்னே முக்காலே அரைக்கால் லட்சம்தானா?" என்று அத்தை கேட்டார். ஆமாம், ஏறக்குறைய அவ்வளவுதான். இது தெரியாமல், கையில் இரண்டே முக்கால் லட்சம் வரும் என்று நம்பி டிராக்டர்காரருக்கும் உரக்கடைக்கும் வாக்குக் கொடுத்திருந்தால், மிச்சப் பணத்துக்கு வட்டிக்கடைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

வரம்பில் இன்னும் இரண்டு சரிபார்க்க வேண்டும். முதலாவது பரப்பு. வங்கித் தாளில் பெரும்பாலும் ஏக்கர் இருக்காது, ஹெக்டேர்தான் இருக்கும். நான்கு ஏக்கர் என்றால் ஏறக்குறைய 1.62 ஹெக்டேர். அத்தையின் தாளில் 1.62 என்றே இருந்தது. 1.21 என்று இருந்திருந்தால் மூன்று ஏக்கருக்குத்தான் கடன் என்று பொருள். கூட்டுப்பட்டாவாக இருந்தாலோ, அடங்கலில் ஒரு சர்வே எண் விட்டுப்போயிருந்தாலோ இப்படிக் குறையும். விஏஓ கொடுத்த அடங்கலையும் சிட்டாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது அடமானம். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு முன்பு இது 1.6 லட்சமாக இருந்தது. அத்தையின் முதல் ஆண்டுத் தொகை 2 லட்சத்துக்கு உள்ளேதான். ஆனால் அட்டையின் மொத்த வரம்பு அதைத் தாண்டியதால் நிலப் பத்திரம் கேட்டு வாங்கியிருந்தார்கள். அவ்வளவு பெரிய வரம்பு தேவையில்லை என்பவர்கள், 2 லட்சத்துக்குள் போதும் என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கொடுப்பது நல்லது.

நாலு சதவீதம் யாருக்கு?

பயிர்க்கடனுக்கு நாலு சதவீத வட்டிதான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தாளில் ஏழு சதவீதம் என்று இருந்தது. அத்தை திடுக்கிட்டார். இரண்டுமே உண்மை. நடுவில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அவ்வளவுதான்.

மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில், 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வங்கி 7 சதவீதம் வட்டி போடும். இப்படிக் குறைந்த வட்டிக்குக் கொடுப்பதற்காக வங்கிக்கு அரசு தனியாக ஒரு பங்கு தருகிறது. அது நமக்கும் வங்கிக்குமான கணக்கு அல்ல. நம்மைத் தொடுவது அடுத்த 3 சதவீதம். கெடு தேதிக்குள் கடனைத் திருப்பிக் கட்டியவருக்கு மட்டும் அந்த 3 சதவீதத்தை அரசு ஊக்கத்தொகையாகக் கொடுக்கிறது. ஏழில் மூன்று போனால் நான்கு. ஆகவே நாலு சதவீதம் என்பது கடன் வாங்கும்போது கிடைக்கும் விலை அல்ல. கெடுவுக்குள் கட்டி முடித்த பிறகு நமக்கு வந்து சேரும் விலை.

பல வங்கிகளில் முதலில் 7 சதவீத வட்டியையும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். 3 சதவீதம் பிறகு கணக்கில் வரவு வைக்கப்படும். அந்த வரவு வந்ததா என்பதை அடுத்த சில மாதங்களில் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்க்க வேண்டும். வராவிட்டால் எழுத்தில் கேட்க வேண்டும்.

சலுகைக்கு இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, கடன் கேசிசி கணக்கில் இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். விவசாய நகைக்கடன் என்று பெயர் இருந்தாலே நாலு சதவீதம் என்று நம்பி நகையை வைப்பவர்கள் பலர். நகையை ஈடாக வாங்கியிருக்கிறார்களா என்பதல்ல கேள்வி, அந்தக் கணக்கு கேசிசியாகத் திறக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. சேங்ஷன் தாளின் தலைப்பிலேயே கணக்கின் வகை இருக்கும். இன்னொன்று, 3 லட்சம் என்பது ஒருவருக்கு மொத்தமாக. இரண்டு வங்கிகளில் தனித்தனியாக வாங்கிவிட்டு இரண்டுக்கும் முழுச் சலுகை எதிர்பார்க்க முடியாது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சொசைட்டியில் கடன் வாங்குபவர்களுக்கு, மீதி வட்டியையும் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொள்கிறது. கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அங்கேயும் சலுகையைத் திறக்கும் சாவி அதே கெடு தேதிதான். சொசைட்டியில் கடனின் ஒரு பகுதி உரமாக வரும், பங்குத்தொகையும் பிடிப்பார்கள். ஆகவே கைக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்துக் கடன் எவ்வளவு என்று முடிவு கட்டக் கூடாது.

கெடு தேதி: ஒரு வருஷம் அல்ல

அத்தையின் தாளில் மிகச் சாதாரணமாக இருந்த வரி இதுதான். கெடு, ஜூன் 5. பணம் எடுத்தது முந்தைய அக்டோபர் 5. எட்டே மாதம்.

"பயிர்க்கடன்னா ஒரு வருஷம்தானே? போன தடவை புரட்டாசியிலதானே கட்டினேன்" என்றார் அத்தை. போன முறை என்ன நடந்தது என்று பழைய பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தோம். அதே அளவு கடன். கெடு ஜூனில். கட்டியது செப்டம்பரில். ஊக்கத்தொகை வரவு எங்கேயும் இல்லை. வங்கி ஏமாற்றிவிட்டது என்று ஓராண்டாக நினைத்துக்கொண்டிருந்தார். ஏமாற்றவில்லை. தேதி தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தத் தேதியை யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

கெடு தேதியைப் பயிரை வைத்துத்தான் வங்கி நிர்ணயிக்கிறது. அறுவடை எப்போது, விளைச்சலை விற்றுப் பணம் எப்போது கைக்கு வரும் என்பதே கணக்கு. சம்பா நெல் தை, மாசியில் அறுவடையாகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். அதற்குப் பிறகும் சில மாதம் விட்டுக் கெடு வைத்திருக்கிறார்கள். கரும்பு, வாழை போன்ற நீண்ட காலப் பயிர்களுக்குக் கெடு வேறாக இருக்கும். ஆக, ஒரே வங்கியில் பக்கத்து வயல்காரரின் கெடுவும் உங்கள் கெடுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓராண்டு என்பது ஊக்கத்தொகைக்கான உச்சவரம்பு மட்டுமே. வங்கி வைத்த கெடு அதற்கு முன்னால் வந்தால் அதுதான் செல்லும்.

தாண்டினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். எடுத்த தொகை 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5-க்குள் கட்டினால் எட்டு மாதத்துக்கு 7 சதவீத வட்டி ஏறக்குறைய 6,533 ரூபாய். அதில் 2,800 ரூபாய் ஊக்கத்தொகையாகத் திரும்பி வரும். நிகர வட்டி 3,733. அதே பணத்தைச் செப்டம்பர் 5-இல் கட்டினால் அந்த 2,800 போய்விடும். அதோடு கெடுவுக்குப் பிறகான மூன்று மாதத்துக்குச் சலுகை வட்டி கிடையாது, வங்கியின் சாதாரண வட்டிதான். அது 10 சதவீதம் என்றால் 3,500 ரூபாய். மொத்தம் 10,033. மூன்று மாதத் தாமதத்துக்கு 6,300 ரூபாய் கூடுதல். பன்னிரண்டு மா நிலத்தில் களையெடுக்க ஆள் விடும் கூலியில் ஒரு பெரிய பங்கு அது.

"நெல்லுப் பணம் மாசியிலயே வந்துருச்சு. கணக்குல சும்மாதான் கெடந்துச்சு" என்றார் அத்தை மெதுவாக. அதுதான் எனக்கு மனசை அறுத்தது. நெல் பணம் சேமிப்புக் கணக்கில் விழுகிறது, கடன் வேறு கணக்கில் நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகப் போகாது. நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். கேசிசி கணக்கில் இன்னொரு வசதியும் உண்டு. கட்டிய பணத்தை வரம்புக்குள் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பணம் சும்மா கிடக்கும் மாதங்களில் கடன் கணக்கில் போட்டு வைத்தால் அந்த நாட்களுக்கு வட்டி ஓடாது. தேவைப்படும்போது எடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்" என்று சில கிளைகளில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் 3 சதவீத ஊக்கத்தொகை கணக்கில் வருமா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ்: பிடித்தது எதற்கு?

கடைசி வரி, பிடித்தம். பாஸ்புக்கில் கடன் வந்த சில நாளில் 2,160 ரூபாய் கழிக்கப்பட்டு, பக்கத்தில் PMFBY என்று இருந்தது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம் அது. 2016-இல் வந்த இந்தத் திட்டத்தில் காரிப் பருவ உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிப் பருவத்துக்கு 1.5 சதவீதம், பணப்பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5 சதவீதம் வரை விவசாயி கட்ட வேண்டும். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சம்பா நெல்லுக்கு 1.5 சதவீதம். 1,44,000-இல் அது 2,160. கணக்குச் சரி.

முன்பு கடன் வாங்கினால் இது கட்டாயமாக இருந்தது. 2020 காரிப் பருவத்திலிருந்து விருப்பம்தான். ஆனால் வேண்டாம் என்பவர், சேர்வதற்கான கடைசி நாளுக்கு 7 நாள் முன்னதாக வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் வேண்டும் என்றே பொருள், பிரீமியம் பிடிக்கப்படும். டெல்டாவில் மழையும் வெள்ளமும் வரும் விதத்தைப் பார்த்தால் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிடித்த பணம் சரியான வயலுக்கு, சரியான பயிருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் உண்மையான கவலை.

அத்தையின் பதிவை வங்கியில் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பயிர் நெல், பருவம் சம்பா, பரப்பு 1.62 ஹெக்டேர் எல்லாம் சரி. வருவாய்க் கிராமத்தின் பெயர் மட்டும் வேறு. அத்தை குடியிருக்கும் கிராமத்தைப் போட்டிருந்தார்கள். வயல் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. நெல்லுக்கு இழப்பீடு வருவாய்க் கிராம அளவில், அந்தக் கிராமத்தில் எடுக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் மகசூலை வைத்துத்தான் முடிவாகும். வயல் இருக்கும் கிராமம் மூழ்கி, பதிவான கிராமம் தப்பித்தால் அத்தைக்கு ஒரு பைசாவும் வந்திருக்காது. பிரீமியம் கட்டிய ரசீது மட்டும் கையில் இருந்திருக்கும்.

அன்று அக்டோபர் கடைசி வாரம். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாளாக அறிவிப்பார்கள். அடங்கல் நகலோடு எழுதிக் கொடுத்ததும் வங்கியில் திருத்திவிட்டார்கள். கடைசி நாளுக்குப் பிறகு போயிருந்தால் திருத்துவது எளிதல்ல. விதைத்த பயிர் மாறிவிட்டாலும், கடன் வாங்கியபோது சொன்ன பயிர்தான் பதிவில் இருக்கும். அதையும் கடைசி நாளுக்கு முன்பே வங்கியில் சொல்ல வேண்டும். வங்கி பிடித்திருக்கும்போது இ-சேவை மையத்திலும் அதே சர்வே எண்ணுக்குக் கட்டினால் இரட்டைப் பதிவு என்று சிக்கல் வரும். பதிவு எண்ணை வைத்து pmfby.gov.in தளத்தில் நிலையைப் பார்க்கலாம், 14447 என்ற எண்ணிலும் கேட்கலாம். வங்கி செய்த பிழையால் இழப்பீடு கிடைக்காமல் போனால், அந்த இழப்புக்கு வங்கியே பொறுப்பு என்று திட்டத்தின் விதிகள் சொல்கின்றன. அதை நிரூபிக்க, பிடித்தம் பதிவான பாஸ்புக் பக்கமும் நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட நகலும் கையில் இருக்க வேண்டும்.

பயிர் இன்சூரன்ஸ் தவிர வேறு பிடித்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அத்தையின் பாஸ்புக்கில் 436 ரூபாயும் 20 ரூபாயும் இருந்தன. முதலாவது ஆயுள் காப்பீடு, இரண்டாவது விபத்துக் காப்பீடு. இரண்டும் மத்திய அரசுத் திட்டங்கள், ஆண்டுக்கு ஒரு முறை பிடிப்பவை. நல்ல திட்டங்கள்தான், ஆனால் உங்கள் சம்மதம் வேண்டும். ஆயிரக்கணக்கில் ஒரு தொகை பிடித்து, பக்கத்தில் ஏதோ தனியார் ஆயுள் பாலிசியின் பெயர் இருந்தால் உடனே கேளுங்கள். கடன் வேண்டுமானால் பாலிசி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. தனி ஆயுள் பாலிசியை, பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடலாம். கடன் கணக்கில் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடனாகவே ஏறுகிறது, அதற்கும் வட்டி ஓடுகிறது.

கேட்கும் இடம்

கேள்வியை முதலில் கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். செலவு எதுவும் இல்லை. விவரம் கேட்க 14448 எண் இருக்கிறது. தொடக்கக் கூட்டுறவு சொசைட்டிக் கடன் அந்த வளையத்துக்குள் வராது. அங்கே கூட்டுறவுத் துறை அதிகாரிகளிடம்தான் போக வேண்டும்.

அன்று மாலை அத்தை செய்த கடைசி வேலை சின்னது. சமையலறை நாட்காட்டியில் மே 20-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கெடுவுக்குப் பதினாறு நாள் முன்னால். அந்த ஆண்டு கடன் மே மாதத்திலேயே கட்டப்பட்டது, ஊக்கத்தொகையும் வரவு வந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு சேங்ஷன் தாள் இருக்கும். பீரோவில் பூட்டுவதற்கு முன் ஒருமுறை எடுத்து, இந்த ஆண்டு வரம்பையும் கெடு தேதியையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். இன்சூரன்ஸ் பதிவில் வயல் இருக்கும் கிராமத்தின் பெயர் இருக்கிறதா என்பதைக் கடைசி நாளுக்கு முன்பே வங்கியில் கேட்டுப் பாருங்கள். எழுத்து புரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுபவர் கேட்டால், வாசித்துச் சொல்ல வேண்டியது வங்கியின் கடமை.